சாய்வு சாய்வை வளர்க்கும்: குறுக்குக் கட்டில்லாத எஃகுச் சட்டகத்தின் கணக்கு

எஃகுக் கட்டடத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அதைத் தாங்கிநிற்க இரண்டு வழிகள் உண்டு. தூண்களுக்கு இடையே மூலைவிட்டமாகக் கம்பிகளைப் பூட்டுவது முதல் வழி. இதைக் கட்டுமானத் தளங்களில் பிரேசிங் என்பார்கள். குறுக்குக் கட்டு என்றும் சொல்லலாம். லாரி நுழைய வேண்டிய கிடங்கிலும், முகப்பு முழுவதும் கண்ணாடி வைக்கும் காட்சிக்கூடத்திலும் இந்தக் கம்பிகள் வழியை மறைக்கும். அங்கெல்லாம் இரண்டாவது வழிதான் கைகொடுக்கும். தூணும் விட்டமும் சேரும் மூலையை வெல்டிங், போல்ட் கொண்டு திருகாதபடி இறுக்கி, அவற்றின் வளையாத தன்மையையே நம்பி நிற்கும் சட்டகம் அது.

இந்த இரண்டாவது வகை பாதுகாப்பாக நிற்கக்கூடியதுதான். ஆனால் குறுக்குக் கட்டுள்ள சட்டகத்தைவிட அதிகமாகப் பக்கவாட்டில் அசையும். அந்த அசைவே தூண்களுக்குப் புதிய பாரத்தை உண்டாக்கும். முதல் கணக்கில் தென்படாமல் இரண்டாவது கணக்கில் மட்டும் வெளிப்படுவதால் இதற்கு இரண்டாம்படி விளைவு என்று பெயர். சுமையைக் குறிக்கும் பி, நகர்வைக் குறிக்கும் டெல்டா ஆகிய எழுத்துகளைச் சேர்த்துப் பொறியாளர்கள் இதை பி-டெல்டா என்பார்கள்.

சாய்ந்த பிறகு நடப்பது

வழக்கமான கணக்கு, கட்டடம் நேராக நிற்பதாக எண்ணிக்கொண்டு சமன்பாடுகளை எழுதுகிறது. கூரையின் எடை தூணின் உச்சியில் இறங்கி, நேர்கீழே அடித்தளத்துக்குப் போய்விடுகிறது. காற்று தள்ளியதும் உச்சி சில மில்லிமீட்டர் நகர்கிறது. இப்போது கூரையின் எடை அடித்தளத்துக்கு நேர்மேலே இல்லை. நகர்ந்த தூரம் அளவுக்கு விலகி நிற்கிறது. எடையை விலகலால் பெருக்கினால் வருவது, கட்டடத்தை மேலும் சாய்க்கும் திருப்புத்திறன்.

அந்தத் திருப்புத்திறன் சட்டகத்தை இன்னும் கொஞ்சம் சாய்க்கிறது. விலகல் கூடியதால் திருப்புத்திறனும் கூடுகிறது. அது மறுபடியும் சாய்வைக் கூட்டுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவது போன்ற கணக்குதான் இது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சேரும் அளவு முந்தையதைவிடக் குறைந்துகொண்டே போனால் சட்டகம் ஓரிடத்தில் நிலைகொள்ளும். குறையாவிட்டால் சட்டகம் பக்கவாட்டில் சரிந்துவிடும்.

ஒரு கிடங்கின் கணக்கு

ஒரு மாடி கொண்ட கிடங்கில் ஒரு சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். 5 மீட்டர் உயரத்தில் ஐஎஸ்எம்பி 400 வகைத் தூண்கள் இரண்டு. அவற்றின் மேல் 7 மீட்டர் நீள ஐஎஸ்எம்பி 550 விட்டம். தூண்களின் அடி திருகக்கூடிய கீல் இணைப்பு. பாதுகாப்புக் காரணியால் பெருக்கிய பிறகு, விட்டத்தின் மட்டத்தில் காற்று தள்ளும் விசை 40 கிலோநியூட்டன். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம் என்பதால், நான்கு டன் எடைக்கு ஈடான தள்ளல் இது.

இந்தச் சட்டகத்தின் மேல் நேரடியாக இறங்கும் எடை 400 கிலோநியூட்டன். இதைத் தவிர, கிடங்கின் உட்புறத்தில் மேலும் கீழும் கீலாக இணைத்த தூண்கள் இன்னும் 800 கிலோநியூட்டனைத் தாங்குகின்றன. அந்தத் தூண்கள் தாமாக நிற்க முடியாதவை. கூரை வழியாக இந்தச் சட்டகத்தின்மீது சாய்ந்தே நிற்கின்றன. ஆக, இந்த மாடியின் மொத்த எடை 1,200 கிலோநியூட்டன்.

முதல்படிக் கணக்கில் காற்றால் விட்டத்தின் மட்டம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒவ்வொரு தூணின் மேல்மூலையிலும் காற்று உண்டாக்கும் வளைவுத் திருப்புத்திறன் 20 கிலோநியூட்டனை 5 மீட்டரால் பெருக்கிய 100 கிலோநியூட்டன்மீட்டர். இரண்டு மூலைகளுக்கும் சேர்த்து 200.

இப்போது 1,200 கிலோநியூட்டன் எடை 0.025 மீட்டர் விலகியிருக்கிறது. பெருக்கினால் 30 கிலோநியூட்டன்மீட்டர். காற்று தந்த 200இல் இது 15 சதவீதம். ஆகவே நகர்வு 25இலிருந்து 28.75 மில்லிமீட்டராகிறது. அந்த நகர்வைக் கொண்டு மறுபடி கணக்கிட்டால் 29.31; அடுத்த சுற்றில் 29.40. அதன் பிறகு அது 29.41ஐத் தாண்டுவதில்லை.

இத்தனை சுற்றுகள் தேவையில்லாமல் ஒரே வரியில் விடை தரும் சூத்திரம் உண்டு. முதல் சுற்றில் வந்த விகிதத்தை ஒன்றிலிருந்து கழித்து, மீதியால் ஒன்றை வகுத்தால் போதும்:

1 / (1 − 0.15) = 1.18

இதுதான் திருப்புத்திறன் பெருக்கக் காரணி. காற்றால் மூலையில் வந்த 100 கிலோநியூட்டன்மீட்டர் 118 ஆகிறது. விகிதம் 0.3 என்றால் காரணி 1.43, 0.6 என்றால் 2.5. விகிதம் ஒன்றை நெருங்க நெருங்கக் காரணி கட்டுக்கடங்காமல் ஏறும். எடை இரட்டித்தால் விகிதமும் இரட்டிக்கும், ஆனால் பெருக்கம் அதைவிட வேகமாக வளரும் என்பதே இதன் ஆபத்து.

எதைப் பெருக்க வேண்டும்

மூலையில் காற்றின் பங்கு மட்டும் இருப்பதில்லை. விட்டத்தின் மேல் பரவிய 400 கிலோநியூட்டன் எடையும் அதே மூலையில் ஏறத்தாழ 93 கிலோநியூட்டன்மீட்டர் வளைவுத் திருப்புத்திறனை உண்டாக்குகிறது. ஆனால் சமச்சீரான சட்டகத்தில் சமமாகப் பரவிய எடை பக்கவாட்டு நகர்வைத் தருவதில்லை. ஆகவே அந்த 93ஐ 1.18ஆல் பெருக்கக் கூடாது. காற்றும் எடையும் ஒன்றுசேரும் மூலையில் மொத்தம் 93 + 118 = 211. முதல்படிக் கணக்கு சொன்ன 193ஐவிட இது சுமார் 9 சதவீதம் அதிகம். எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கினால் 227 வரும். அது தேவையற்ற எஃகுச் செலவு. சட்டகமோ எடையோ ஒருபக்கச் சார்பாக இருந்தால் மட்டும், எடையால் வரும் சாய்வின் பங்கையும் பிரித்தெடுத்துப் பெருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் பிழை உட்புறத் தூண்களை மறப்பது. கணினியில் சட்டகத்தை மட்டும் தனியாக வரைந்தால் எடை 400 கிலோநியூட்டன்தான். விகிதம் 0.05, காரணி வெறும் 1.05. இரண்டாம்படி விளைவைக் கவனிக்கவே தேவையில்லை என்ற முடிவு வரும். உண்மையில் சாயும் தூண்கள் தங்கள் எடையால் சட்டகத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 800 கிலோநியூட்டன் 25 மில்லிமீட்டர் விலகினால், 5 மீட்டர் உயரத்தில் அது 4 கிலோநியூட்டன் கிடைமட்ட விசைக்குச் சமம். காற்றின் தள்ளலில் பத்தில் ஒரு பங்கு. அதைத் தாங்க வேண்டியவை சட்டகத்தின் இரண்டு தூண்கள் மட்டுமே.

விதிநூல்கள் வகுத்த எல்லை

எல்லாச் சட்டகமும் ஓரளவு அசையும் என்பதால், எப்போது இந்தக் கணக்கு கட்டாயம் என்பதற்கு ஓர் எல்லை தேவை. எடை எத்தனை மடங்கானால் சட்டகம் பக்கவாட்டில் சரியும் என்ற எண்ணை ஐரோப்பிய விதிநூலான யூரோகோட் 3 அளவுகோலாகக் கொள்கிறது. மீள்தன்மைக் கணக்கில் அது 10 அல்லது மேல் என்றால் இரண்டாம்படி விளைவை விட்டுவிடலாம். 10க்கும் 3க்கும் இடையில் மேலே கண்ட பெருக்கக் காரணி போதும். 3க்குக் கீழே போனால் காரணியை நம்பாமல் முழுமையான இரண்டாம்படிப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். நம் கிடங்கில் இந்த எண் ஒன்றை 0.15ஆல் வகுத்த 6.7. பெருக்கக் காரணி தேவை, அதுவே போதும்.

இந்திய விதிநூலான ஐஎஸ் 800:2007 இதே சோதனையை வேறு வடிவில் வைக்கிறது. மாடியின் எடையில் 0.5 சதவீதத்தைப் பெயரளவுக் கிடைமட்ட விசையாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுவர்த்தகடு போர்த்தியிருந்தும் அதன் விறைப்பைக் கணக்கில் சேர்க்காத சட்டகம், உயரத்தில் 2000இல் ஒரு பங்குக்கு மேல் நகர்ந்தால் அசையும் சட்டகம். இங்கே பெயரளவு விசை 6 கிலோநியூட்டன். 40க்கு 25 மில்லிமீட்டர் என்றால் 6க்கு 3.75 மில்லிமீட்டர். அனுமதி 2.5 மில்லிமீட்டர்தான். ஆகவே இது அசையும் சட்டகம். இரண்டு விதிநூல்களும் சொல்வது ஒன்றே: 0.5 சதவீத விசைக்கு 2000இல் ஒரு பங்கு நகர்வு என்பது சரியாகப் பத்து மடங்கு எல்லைதான்.

எளிய சூத்திரம் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறது. சட்டகத் தூண்கள் இரு முனைகளுக்கு இடையே வில்லாக வளைவதால் அவற்றின் விறைப்பு சற்றுக் குறையும். அமெரிக்க விதிநூல் ஏஐஎஸ்சி 360 இதற்கென ஒரு திருத்தம் தருகிறது. அதன்படி காரணி 1.18இலிருந்து 1.19 ஆகிறது. மற்றொன்று பெரியது. எஃகை உருட்டி வார்க்கும்போது அதற்குள் எஞ்சும் தகைவுகளால், முழுச் சுமை வரும்போது சில பகுதிகள் முன்கூட்டியே தளர்ந்துவிடும். அதே விதிநூலின் நேரடிப் பகுப்பாய்வு முறை இதற்காக விறைப்பை 20 சதவீதம் குறைத்துக் கணக்கிடச் சொல்கிறது. விகிதம் 0.1875 ஆகவும் காரணி 1.23 ஆகவும் உயரும்.

கணினி விடையைச் சரிபார்த்தல்

இன்று இந்தக் கணக்கை மென்பொருளே செய்துவிடுகிறது. ஆனால் கேட்டால்தான் செய்யும். இரண்டாம்படிப் பகுப்பாய்வைத் தேர்ந்தெடுக்காவிட்டால் முதல்படி விடையே வரும். எடைக்குத் தனியாகவும் காற்றுக்குத் தனியாகவும் பகுப்பாய்வு செய்து விடைகளைப் பிறகு கூட்டுவதும் தவறு. எடை இல்லாமல் ஓட்டிய காற்றுக் கணக்கில் பெருக்குவதற்கே எதுவும் இருக்காது. காரணியால் பெருக்கிய எல்லாச் சுமைகளும் ஒரே நேரத்தில் சட்டகத்தின் மேல் இருக்க வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. அதே சுமைக்கு இரண்டாம்படி நகர்வை முதல்படி நகர்வால் வகுத்துப் பார்க்கலாம். மேலே கண்ட கிடங்குக்கு 1.2ஐ ஒட்டிய எண் வர வேண்டும். 1.05 வந்தால் சாயும் தூண்கள் விடுபட்டிருக்கலாம். சரியாக ஒன்று வந்தால் இரண்டாம்படிப் பகுப்பாய்வே நடக்கவில்லை.

காரணி அதிகமாக வந்தால் வலுவான எஃகுக்கு மாறுவது உதவாது. எல்லா வகைக் கட்டுமான எஃகுக்கும் மீள்தன்மைக் குணகம் சுமார் 2 லட்சம் மெகாபாஸ்கல்தான். உயர்தர எஃகும் அதே அளவு அசையும். தூணையும் விட்டத்தையும் ஆழமானதாக மாற்றுவது, தூணின் அடியைத் திருகாதபடி இறுக்குவது, முடிந்தால் ஏதாவது ஒரு தூணிடையில் குறுக்குக் கட்டு கொடுப்பது ஆகியவையே பயன் தரும். அடித்தளமும் நங்கூர போல்ட்டுகளும் ஈடுகொடுக்காவிட்டால் இறுக்கிய அடி காகிதத்தில் மட்டுமே இறுக்கமாக இருக்கும். குறுக்குக் கட்டில்லாத சட்டகத்தின் பாதுகாப்பை முடிவு செய்வது எஃகின் வலிமையைவிட அதன் விறைப்பே.