ஸ்பானிஷ் மொழியில் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம்

ஸ்பெயினில் ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்க்க இரண்டு படிவங்களை நிரப்ப வேண்டும். முதலாவது இடம் கேட்கும் விண்ணப்பம், அதன் பெயர் 'சொலிசிதூத் தே அத்மிசியோன்'. இரண்டாவது, இடம் கிடைத்த பிறகு பெயரைப் பதிவுசெய்யும் 'மத்ரீகுலா'. (வண்டியின் நம்பர் பிளேட்டுக்கும் ஸ்பானிஷில் மத்ரீகுலா என்றுதான் பெயர், பதிவு எண் என்ற பொருள்தான் இரண்டுக்கும் அடிப்படை.) முதல் படிவத்தைக் கொடுத்ததும் குழந்தை சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது புதிதாக வந்த குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. மத்ரீகுலா தேதிக்குள் முடியாவிட்டால், கிடைத்த இடம் காத்திருப்போருக்குப் போய்விடும்.

நாட்டில் பதினேழு தன்னாட்சி மாநிலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு படிவம் அச்சிடுகிறது, தனித் தேதியும் வைத்துக்கொள்கிறது. ஆனாலும் எல்லாப் படிவங்களிலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். மதுரையிலிருந்து மாட்ரிட்டுக்குக் குடிபோகும் கயல்விழி என்ற சிறுமிக்காக ஒரு படிவத்தை நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். அவள் பிறந்தது 2018 மார்ச் 14. பெற்றோர் கேட்பது 2025–26 கல்வியாண்டுக்கான இடம்.

முதல் பகுதி மாணவர் விவரம். முதல் சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. ஸ்பானியருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு: பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று. அதனால் படிவத்தில் 'ப்ரிமேர் அப்பெயீதோ', 'செகுந்தோ அப்பெயீதோ' என்று முதலில் இரண்டு குடும்பப் பெயருக்கும் கட்டங்கள் இருக்கும். 'நோம்ப்ரே' எனும் இயற்பெயர் அதற்குப் பிறகுதான் வரும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை, முன்னெழுத்தோடு முடிந்துவிடும். ஆகவே ஊரில் எப்படி எழுதுவோம் என்று பார்க்காமல், பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுவதே வழி. கயல்விழியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர் முருகேசன் என்று இருந்தால், அது முதல் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போகும். இரண்டாவது காலியாக இருக்கட்டும். கட்டம் வெறுமையாக இருக்கிறதே என்று அம்மா பெயரை அங்கே எழுதினால், பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு பெயரும் என்றாகிவிடும்.

```
Primer apellido: MURUGESAN
Segundo apellido:
Nombre: KAYALVIZHI
Fecha de nacimiento: 14/03/2018
Sexo:  H [ ]   M [X]
Nacionalidad: India
```

பாலினக் கட்டத்தில் கயல்விழிக்கு `M` என்று குறித்திருப்பது பிழையல்ல. `H` என்றால் ஓம்ப்ரே, ஆண். `M` என்றால் முஹேர், பெண். ஆங்கிலப் பழக்கத்தில் கை தானாக `M` பக்கம் போய், பையன்கள் பெண்பிள்ளைகளாகப் பதிவாகிவிடக்கூடும். சில படிவங்களில் `H` இருக்காது. `M` உடன் `F` இருக்கும். அங்கே மட்டும் `M` ஆணைக் குறிக்கும். எனவே பக்கத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குறிக்க வேண்டும்.

அடுத்து அடையாள எண். ஸ்பானியருக்கு எட்டு இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட `DNI`. வெளிநாட்டவருக்கு எழுத்தில் தொடங்கி எழுத்தில் முடியும் `NIE`. கயல்விழிக்கு அந்த எண் இன்னும் வரவில்லையென்றால் 'பசப்போர்தே' கட்டத்தில் பாஸ்போர்ட் எண்ணை எழுதலாம். குடியிருப்பு அனுமதி கையில் இல்லை என்பதற்காக விண்ணப்பிக்கத் தயங்க வேண்டியதில்லை. பதினாறு வயதுக்குட்பட்ட வெளிநாட்டுக் குழந்தைகளுக்கும் கல்வி உரிமை உண்டு என்று வெளிநாட்டவர் பற்றிய 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

படிவத்திலேயே அதிகம் குழப்பும் சொல் 'குர்சோ'. அதற்கு வகுப்பு என்றும் பொருள், கல்வியாண்டு என்றும் பொருள். 'குர்சோ 2025/2026' என்று படிவத்தின் தலையில் இருந்தால் அது ஆண்டு. 'குர்சோ கேட்கப்படுகிறது' என்ற பொருளில் வரும் கட்டத்தில் எழுத வேண்டியது வகுப்பு. அந்த வகுப்பைக் கண்டுபிடிக்கும் முறையும் நம்முடையதுபோல் அல்ல.

ஸ்பெயினில் வகுப்பைப் பிறந்த ஆண்டே முடிவு செய்கிறது, மாதம் பார்ப்பதில்லை. ஜனவரி 2-ல் பிறந்த குழந்தையும் அதே ஆண்டு டிசம்பர் 30-ல் பிறந்த குழந்தையும் ஒரே வகுப்பு. கல்வியாண்டு தொடங்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் ஆறு வருமானால், அது தொடக்கப் பள்ளியான 'ப்ரிமாரியா'வின் முதல் வகுப்பு. கயல்விழிக்கு 2025-லிருந்து 2018-ஐக் கழித்தால் ஏழு. ஆகவே இரண்டாம் வகுப்பு. தமிழ்நாட்டில் அவள் ஐந்து வயது முடிந்து 2023 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, இரண்டாம் வகுப்பை முடித்துவிட்டிருப்பாள். அங்கே போய் மறுபடி இரண்டாம் வகுப்பா என்று பெற்றோர் கேட்பார்கள். ஆமாம், மறுபடிதான். அவள் தோற்றதாக அதற்குப் பொருளில்லை, அந்த வகுப்புக்கான வயதுக் கணக்கு அது. மூன்று என்று எழுதினாலும் அலுவலகம் இரண்டாகத் திருத்திவிடும்.

```
Nivel: Educación Primaria
Curso: 2º
Año académico: 2025/2026
```

எண்ணுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு வட்டம் 'ஆவது' என்பதன் அடையாளம்; பாகைக் குறி அல்ல. அதே குறி முகவரியிலும் வரும். அங்கே `3º` என்றால் மூன்றாவது மாடி.

தொடக்கப் பள்ளி ஆறாவதோடு முடிகிறது. நம்மைப்போல் ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டே போகாமல், பன்னிரண்டு வயது ஆகும் ஆண்டில் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அந்தக் கட்டம் `ESO`, கட்டாய இடைநிலைக் கல்வி, நான்கு ஆண்டு. எனவே அந்த ஆண்டில் பிள்ளைக்கு அங்கே எழுத வேண்டியது `1º ESO`. அதன் பிறகு பதினாறு வயதில் தொடங்கும் இரண்டாண்டு 'பச்சியெராத்தோ' நம் மேல்நிலைக்கு இணை. ஆறு வயதுக்கு முன்பான 'இன்ஃபாந்தில்' வகுப்புகளில் 3, 4, 5 என்று வயதையே வகுப்பாக எழுதுவது வழக்கம். கட்டாயக் கல்வியில் சேர்வதற்கு, ஊரில் படித்ததை அரசிடம் கொடுத்துச் சமமாக்கிக் கொள்ளும் நடைமுறை தேவையில்லை. பச்சியெராத்தோவுக்கு அது வேண்டும்.

இரண்டாம் பகுதி, பெற்றோர் விவரம். 'பாத்ரே', 'மாத்ரே' என்று அப்பா, அம்மாவைக் கேட்ட பழைய படிவங்கள் குறைந்து, இப்போது `Progenitor/a o tutor/a legal 1`, `2` என்று நடுநிலையாக வருகின்றன. அங்கே யாரை முதலில் எழுதினாலும் சரிதான். 'துத்தோர்' என்ற சொல்லில்தான் எச்சரிக்கை வேண்டும். 'துத்தோர் லெகால்' என்றால் நீதிமன்றம் நியமித்த சட்டப்படியான பாதுகாவலர். வெறும் 'துத்தோர்' என்றால் பள்ளியில் வகுப்பாசிரியர். பிள்ளை சேர்ந்த பிறகு, துத்தோரைப் பார்க்க வருமாறு கடிதம் வந்தால் அழைப்பது வகுப்பாசிரியர்.

குழந்தை பாட்டி வீட்டில் வளர்ந்தாலும், சித்தப்பா செலவு பார்த்துக்கொண்டாலும் அவர்கள் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடமாட்டார்கள். அதற்குத் தீர்ப்போ அரசு ஆணையோ வேண்டும். பெற்றோர் இருவருக்கும் குழந்தையின்மேல் உள்ள சட்ட அதிகாரத்தை 'பத்ரியா பொத்தெஸ்தாத்' என்பார்கள். அது பொதுவாக இருவருக்கும் சேர்ந்தே இருப்பது. எனவே படிவத்தின் அடியில் இரண்டு கையெழுத்துக் கட்டங்கள் இருக்கும். அப்பா இன்னும் சென்னையில் இருக்கிறார், அம்மா மட்டும் கையெழுத்துப் போடுகிறார் என்றால், ஒரு கையெழுத்துக்கான காரணத்தைப் படிவம் கேட்கும். காலியாக விட்டால் விண்ணப்பம் குறையுள்ளது என்று திரும்பி வரலாம். கையெழுத்துக்கு முன்னால் ஊரும் தேதியும் எழுத ஒரு வரி இருக்கும். அங்கே மாதத்தை எண்ணில் எழுதாமல் சொல்லால் எழுதுவார்கள்: `En Madrid, a 5 de mayo de 2025`.

மூன்றாம் பகுதியில்தான் இடம் கிடைப்பது முடிவாகிறது. விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டும், விண்ணப்பம் ஒன்றுதான். இரண்டு பள்ளியில் தனித்தனியாகக் கொடுத்தால் முன்னுரிமை பறிபோகும். இடத்தைவிட ஆள் அதிகமானால் மதிப்பெண் கணக்கு வரும்: அதே பள்ளியில் படிக்கும் உடன்பிறந்தோர், வீடு அல்லது பெற்றோரின் வேலையிடம் அருகில் இருப்பது, குடும்ப வருமானம் ஆகியவற்றுக்குக் கல்விச் சட்டமே முதலிடம் தருகிறது. வீடு தூரத்தில் இருந்தாலும் அலுவலகம் பள்ளிக்கு அடுத்த தெருவில் இருந்தால் அதைக் காட்டலாம். பலருக்கு இது தெரியாது, `lugar de trabajo` கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். வீட்டு முகவரிக்குச் சான்று, நகராட்சியில் குடியிருப்பதாகப் பதிந்துகொள்ளும் 'எம்பத்ரோனமியெந்தோ'. வாடகை வீட்டுக்குப் போனதும் முதலில் முடிக்க வேண்டிய வேலை இதுதான். விண்ணப்பத்தில் ஒரு முகவரி, நகராட்சியில் இன்னொரு முகவரி என்றால் அருகாமை மதிப்பெண் போய்விடும்.

கடைசியாக வருவது டிக் செய்யும் கட்டங்கள். எல்லாவற்றையும் டிக் செய்து தள்ளிவிடும் பழக்கம் இங்கே ஆகாது. `Autorizo` என்றால் 'அனுமதிக்கிறேன்'. `Me opongo` என்றால் 'எதிர்க்கிறேன்'. வரித்துறையிடம் வருமானத்தைப் பார்க்கவோ, நகராட்சியில் முகவரியைச் சரிபார்க்கவோ வேண்டாம் என்று டிக் செய்துவிட்டால், அந்தச் சான்றுகளை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

படிவத்தைக் கொடுத்ததும் முத்திரையிட்ட நகல் ஒன்றைத் தருவார்கள், அல்லது இணையத்தில் பதிவெண்ணோடு ஒரு ரசீது வரும். முதலில் தற்காலிகப் பட்டியல், அதன்மேல் ஆட்சேபம் சொல்லச் சில நாள், பிறகு இறுதிப் பட்டியல் என்று வரிசையாக வெளியாகும். ஆட்சேபம் சொல்லப் போகும்போது கேட்பது அந்த நகலைத்தான். அதைப் பத்திரமாக வையுங்கள்.