முதல் வாடிக்கையாளருக்கு ஒரு சோதனை வேலை: எப்படி எழுதித் தருவது?

கடைகளின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களை வீட்டிலிருந்தே நடத்தித் தரும் வேலையைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் இருக்கிறார்கள். வேலை தெரியும், ஆனால் பணம் கொடுத்து அழைக்க முதல் ஆள் வருவதில்லை. பெரும்பாலும் குறை திறமையில் இருப்பதில்லை. தம்மை அறிமுகப்படுத்தும் விதத்திலும், "சும்மா செய்து தருகிறேன்" என்று ஆரம்பிப்பதிலும் இருக்கிறது.

முதலில் அறிமுகக் குறிப்பைப் பார்ப்போம். "கிரியேட்டிவ், கடின உழைப்பாளி, சோஷியல் மீடியா மேனேஜர்" என்று எழுதினால் கடைக்காரருக்கு எதுவும் விளங்காது. யாருக்கு, என்ன செய்து தருவீர்கள் என்பது முதல் வரியிலேயே வரவேண்டும். உதாரணமாக: "தையலகங்களுக்கும் சிறு துணிக்கடைகளுக்கும் இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்தித் தருகிறேன். படம் எடுப்பது, தமிழில் எழுதுவது, பதிவிடுவது மூன்றும் என் பொறுப்பு."

இதுவரை வாடிக்கையாளரே இல்லையென்றால், உறவினர் ஒருவரின் கடைக்கு மூன்று பதிவுகள் செய்து, அவற்றை "மாதிரி" என்று குறிப்பிட்டே காட்டுங்கள். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்னால், கடைக்காரர் அந்தக் கடைக்கு ஒரு போன் போட்டதும் தெரிந்துவிடும்.

அடுத்தது சோதனை வேலை. அது சிறியதாக, முடிவு தேதி உள்ளதாக, குறைவாகவேனும் கூலி உள்ளதாக இருக்கவேண்டும். இலவச வேலைக்கு எல்லை இருக்காது. "இன்னும் ஒரு போஸ்டர் மட்டும்" என்று நீண்டுகொண்டே போகும். கடைக்காரரும் அதைத் தம் வேலையாக எண்ணி நேரத்திற்குப் படம் அனுப்பமாட்டார்.

அபாயா தைத்து விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கடைக்குத் தரும் சோதனைக் கடிதம் இப்படி இருக்கலாம்: "14 நாட்களில் 6 பதிவுகள். படம் எடுக்க ஒரு முறை கடைக்கு வருவேன். ஒவ்வொரு பதிவிலும் ஒரு திருத்தம் செய்து தருவேன். கூலி ரூ.1,500, பாதி முன்பணம். தொடர விரும்பினால் மாதம் 12 பதிவுகளுக்கு ரூ.4,000." மாதக் கூலியை இப்போதே சொல்வது அவசியம். இல்லையென்றால் சோதனைக் கூலியே நிரந்தரக் கூலியாகிவிடும்.

ரூ.1,500 எப்படி வந்தது? ஒரு பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஆறுக்கு 9 மணி நேரம். படம் எடுக்க 3 மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம், மணிக்கு ரூ.125. உங்கள் நேரத்தை இப்படி எண்ணிப் பார்த்தே தொகை சொல்லுங்கள்.

"ஆயிரம் ஃபாலோயர்கள் வருவார்கள், விற்பனை கூடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. பதிவைப் பார்த்து எத்தனை பேர் விசாரித்தார்கள் என்பதை மட்டும் எண்ணிக் காட்டலாம். அதற்குக் கடையின் வாட்ஸ்அப் எண்ணை இப்படி ஓர் இணைப்பாக்கி இன்ஸ்டாகிராம் அறிமுகப் பகுதியில் வையுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Insta
```

X உள்ள இடத்தில் கடையின் பத்து இலக்க எண் வரும். இணைப்பைத் தொடுபவருக்கு "Insta" என்ற சொல் தயாராக எழுதப்பட்டு வாட்ஸ்அப் திறக்கும். அந்தச் சொல்லோடு வந்த செய்திகளை எண்ணினால் போதும். சிலர் அதை அழித்துவிட்டு எழுதுவார்கள், சிலர் நேரே கடைக்கு வருவார்கள். ஆகவே இது முழுக் கணக்கு அல்ல. இதற்குக் குறையாமல் விசாரித்திருக்கிறார்கள் என்பதற்கான கணக்கு.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. கடையின் பாஸ்வேர்டை வாங்காதீர்கள். ஃபேஸ்புக் பக்கத்தையும் அதனுடன் இணைத்த இன்ஸ்டாகிராம் கணக்கையும் நடத்த, உரிமையாளர் மெட்டா பிசினஸ் சூட் வழியாக உங்களுக்கு அனுமதி தரலாம். வேலை முடிந்ததும் அவரே நீக்கிவிடலாம். பிறர் கணக்கு நம்மிடம் இருப்பது அமானிதம். அதேபோல், கடைக்கு வரும் பெண்களின் படத்தை அவர்கள் சம்மதமில்லாமல் பதிவிடக்கூடாது. அபாயாவை ஹேங்கரிலோ பொம்மையிலோ மாட்டி எடுத்தாலே போதும்.

மூன்று நாட்களில் கடைக்காரர் படமெடுக்க நேரமும் விலை விவரமும் தரவில்லையென்றால், மாத வேலையிலும் அப்படித்தான் இருப்பார். அதைத் தெரிந்துகொள்ளவும்தான் இந்தச் சோதனை.

14ஆம் நாள் ஒரே பக்கத்தில் கணக்குக் கொடுங்கள்: என்னென்ன பதிவிட்டோம், எதை அதிகம் பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விசாரித்தார்கள். விசாரணை இரண்டே வந்திருந்தாலும் இரண்டு என்றே எழுதுங்கள். அவர் தொடரவில்லை என்றாலும், அவர் சம்மதித்தால், அந்த ஆறு பதிவுகளை அடுத்த கடையில் "மாதிரி" என்று சொல்லாமல், கூலி வாங்கிச் செய்த வேலை என்றே காட்டலாம்.