640 போட்டோவில் 3 போதும்! ஹால் சுவருக்குப் படம் தேர்ந்தெடுப்பது எப்படி?

தாத்தாவுக்கு 80 வயது சதாபிஷேகம் முடிந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். போட்டோகிராபர் கொடுத்த பென் டிரைவில் 640 படங்கள். ஹால் சுவரில் மாட்ட மூன்று வேண்டும். பேரன் அவசரமாக இருபதைப் பொறுக்கி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறான். "இது சூப்பர்", "ஐயோ, இதுல நான் குண்டா தெரியுறேன்" என்று இரண்டு நாள் ஓட்டுப் பதிவு நடக்கிறது. அதிக ஓட்டு வாங்கிய மூன்றும் பிரேமுக்குப் போய் சுவரில் ஏறிவிடுகின்றன.

பாட்டி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "மூணுலயும் தலையில தண்ணிதான் கொட்டுது. தாத்தா என்னைப் பார்த்துச் சிரிச்சாரே, அது எங்கடா?"

அந்தப் படம் இருந்தது. ஓரத்தில் யாரோ ஒருவரின் கை தெரிந்ததால் முதல் சுற்றிலேயே போய்விட்டது. ஆனால், சுவரில் தொங்கும் மூன்றில் ஒன்றிலும் அதே மாதிரி ஒரு கை இருக்கிறது! முதலில் குறையாகத் தெரிந்தது, கடைசியில் யார் கண்ணிலும் படவில்லை. சுற்றுக்குச் சுற்று அளவுகோல் மாறிவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம்.

முதலில் மூன்று கேள்விகள்

படங்களைத் திறப்பதற்கு முன்பே ஒரு பேப்பரில் எழுதிவிட வேண்டும். தாத்தா, பாட்டி முகம் தெளிவாகத் தெரிகிறதா? அது அவர்களுடைய இயல்பான முகமா? பெரிதாக பிரிண்ட் போட்டால் தாங்குமா? இந்த வீட்டுக்கு இவை மூன்றும் போதும். 'என் புடவை எப்படி இருக்கு' என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் கடைசிச் சுற்றிலும் அது நுழையக் கூடாது.

640-லிருந்து 120

இந்தச் சுற்றில் நல்ல படத்தைத் தேட வேண்டாம். கண் மூடியவை, ஆடிப்போனவை, முகம் மறைந்தவை ஆகியவற்றை மட்டும் கழித்தால் போதும். ஒரு படத்துக்கு மூன்று விநாடி என்றால், மொத்தமும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சந்தேகம் வந்தால் அந்தப் படம் இருக்கட்டும். ஓரத்தில் தெரியும் கையை பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

120-லிருந்து 20

ஒரே நொடியில் எடுத்த ஐந்தாறு படங்கள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்றை மட்டும் வையுங்கள். எது என்று முடிவு செய்ய, படத்தைப் பெரிதாக்கி கண்களைப் பாருங்கள். போனில் சின்னதாகப் பார்க்கும்போது பளிச்சென்ற நிறமும் தெறிக்கும் தண்ணீரும்தான் முதலில் இழுக்கும். அபிஷேகப் படங்கள் ஓட்டை அள்ளியது அதனால்தான். பெரிதாக்கினால் பலவற்றில் தாத்தாவின் கண் மூடியிருப்பது தெரியும்.

பாதியில் கண் சோர்ந்துவிடும். ஆரம்பத்தில் கறாராக இருந்தவர்கள் கடைசியில் எல்லாவற்றையும் 'ஓகே' சொல்வார்கள். மறுநாள், கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி ஒரு முறை பார்த்தால் இது சரியாகும்.

20-லிருந்து 3

இங்கேதான் ஓட்டு முறை காலை வாரிவிடும். அதிக ஓட்டு வாங்கிய மூன்றை எடுத்தால், மூன்றும் ஒரே மாதிரி அமைந்துவிடலாம். அதற்குப் பதிலாக இருபதையும் பிரியுங்கள். தம்பதி தனியாக இருப்பவை 8, சடங்குப் படங்கள் 7, குடும்பத்தோடு இருப்பவை 5 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டிலும் இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து, அதே மூன்று கேள்விகளைக் கேட்டால் கட்டுக்கு ஒன்று நிற்கும்.

பிரிண்ட் விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. 12-க்கு 18 அங்குலப் படம் கூர்மையாக வர, 3600-க்கு 5400 பிக்ஸல் இருப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எனவே பார்ப்பது போனில் என்றாலும், ஸ்டூடியோவுக்குக் கொடுப்பது பென் டிரைவில் உள்ள ஒரிஜினலாக இருக்கட்டும்.

நடுவில் புதுக் கேள்வி வந்தால்?

'ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டுவதால் ஒரு படம் உயரவாக்கில் வேண்டும்' என்று கடைசியில் தோன்றலாம். தவறில்லை. ஆனால், அந்தக் கேள்வியை மிச்சமிருக்கும் இருபதிடம் மட்டும் கேட்கக் கூடாது. 120-க்குத் திரும்பிப் போய், எல்லாவற்றிடமும் கேட்க வேண்டும். அப்போதுதான் கழிந்துபோன உயரவாக்குப் படங்களுக்கும் வாய்ப்பு கிடைக்கும்.

பிரேமுக்குக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. கழித்த நூறு படங்களை ஐந்து நிமிடம் புரட்டுங்கள். தேர்வான மூன்றை விட அதே கேள்விகளில் நன்றாக நிற்கும் படம் ஒன்று கண்ணில் பட்டால், எங்கோ அளவுகோல் நழுவியிருக்கிறது.

இந்த வீட்டில் அப்படித் திரும்பப் பார்த்திருந்தால், தாத்தா சிரித்த படம் கிடைத்திருக்கும். ஓரத்தில் அந்தக் கையை வெட்டினால் போதும். பேரனின் பிள்ளைகளுக்கு நாளை தாத்தாவின் முகமாக இருக்கப்போவது சுவரில் தொங்கும் அந்தப் படம்தானே!