டாலர் ஏறினால் பச்சையா, சிவப்பா?

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை. மும்பையில் வங்கிகளுக்கு இடையிலான அந்நியச் செலாவணிச் சந்தை திறந்த சற்று நேரத்தில் ஒரு டாலர் 87 ரூபாய் 95 காசுக்குக் கைமாறியது. ரூபாய் அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் 25 சதவீத வரி போடப்போவதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார். பகல் முழுக்கச் செய்திகளில் அதே பேச்சு. ஆனால், அன்றைய சந்தை முடிந்தபின் நாணய அட்டவணையில் 'மாற்றம்' என்ற கட்டத்தை மட்டும் பார்த்தவருக்குத் தெரிந்தது ஐந்தே காசு. அதுவும் ரூபாய்க்குச் சாதகமாக!

அட்டவணையில் தப்பே இல்லை. மாற்றம் என்ற கட்டம் சொல்வது ஒரே ஒரு கழித்தல் கணக்கைத்தான்: இன்றைய விலையிலிருந்து முந்தைய முடிவு விலையைக் கழித்தால் வருவது. வெள்ளிக்கிழமை மாலை டாலர் 87.50-ல் முடிந்திருந்தது. திங்கட்கிழமை காலை 45 காசு எகிறியது, வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கி டாலரை விற்றதாகச் சந்தையில் பேச்சு, மாலையில் 87.45-ல் நின்றது. காலையில் ஏறியதும் பிறகு இறங்கியதும் அந்தக் கழித்தலில் வராது. 87.45-லிருந்து 87.50 போனால் மைனஸ் 0.05. சதவீதக் கட்டத்தில் மைனஸ் 0.06. அந்த 0.06 எப்படி வந்தது என்றால், ஐந்து காசை முந்தைய முடிவான 87.50-ஆல் வகுத்து நூறால் பெருக்கியது. காலையில் சந்தை திறந்த விலையால் வகுப்பதில்லை. பலர் இங்கே குழம்பிவிடுகிறார்கள்.

அன்று நடந்ததைக் காட்டியது 'உச்சம்' என்ற கட்டம். அதில் 87.95 இருந்தது. முடிவு விலையிலிருந்து உச்சம் அரை ரூபாய் தள்ளி நிற்கிறது என்றால், யாரோ பெரிய அளவில் விற்றோ வாங்கியோ விலையைத் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். மறுநாள் செவ்வாய்க்கிழமை டாலர் 86.79-ல் முடிந்தது. ஒரே நாளில் 66 காசு இறக்கம். திங்கட்கிழமையின் ஐந்து காசை மட்டும் படித்தவருக்கு அது திடீரென்று வந்ததுபோல இருந்திருக்கும். உச்சத்தையும் சேர்த்துப் படித்தவருக்கு, சந்தையின் முகம் முந்தைய நாளே திரும்பிவிட்டது தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால் நாணய அட்டவணையில் மாற்றத்தைவிடப் படிக்கத்தக்கது இந்த இடைவெளிதான்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. உச்சம் என்றால் யாருடைய உச்சம்?

அட்டவணையில் USD/INR என்று இருந்தால், முதலில் எழுதியிருப்பதுதான் விற்கப்படும் சரக்கு. இரண்டாவது அதற்குக் கொடுக்கும் காசு. ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதே அந்த எண். ஆகவே எண் கூடினால் டாலர் ஏறியிருக்கிறது, ரூபாய் இறங்கியிருக்கிறது. உச்சம் 87.95 என்பது டாலரின் உச்சம். ரூபாய்க்கு அது பாதாளம். ஆனால் அதே பக்கத்தில் வரும் செய்தியை ரூபாயின் பக்கமிருந்து எழுதுவார்கள். 'ரூபாய் வர்த்தகத்தின் இடையே 87.95 என்ற குறைந்தபட்ச அளவைத் தொட்டது' என்று செய்தி சொல்லும். பக்கத்திலிருக்கும் அட்டவணை அதே 87.95-ஐ அதிகபட்சம் என்று போடும். இரண்டும் ஒன்றே. செய்தியில் 'உச்சம்' என்று வருவது பெரும்பாலும் அட்டவணையின் 'தாழ்வு'.

செயலிகளில் வண்ணமும் சேர்ந்துகொள்கிறது. டாலர் ஏறினால் பல செயலிகள் பச்சை காட்டும், ஏனென்றால் எண் கூடியிருக்கிறது. பச்சையைப் பார்த்து ரூபாய் வலுத்துவிட்டது என்று மகிழ்ந்தால் கதை தலைகீழ். உலக நாணயங்களின் பட்டியலில் இன்னொரு திருகல் உண்டு: யூரோ, பவுண்டு, ஆஸ்திரேலிய டாலர் ஆகியவற்றை 'ஒரு யூரோவுக்கு இத்தனை அமெரிக்க டாலர்' என்று போடுவது சந்தை வழக்கம். யென்னையோ 'ஒரு டாலருக்கு இத்தனை யென்' என்று போடுவார்கள். ஆக, ஒரே பட்டியலில் யூரோ வரிசையில் பிளஸ் என்றால் யூரோ ஏறியது. யென் வரிசையில் பிளஸ் என்றால் யென் இறங்கியது. ரூபாய்க் கணக்கில் யென்னை நூறு நூறாக விலை சொல்வதும் வழக்கம் என்பதால், அந்த வரிசையில் தலைப்பைப் பார்க்காமல் எண்ணைப் படிக்கக் கூடாது.

இனி முந்தைய முடிவு. எளிதாகத் தோன்றினாலும், செய்தித்தாளும் செயலியும் சண்டையிட்டுக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். 'ரூபாய் 15 காசு சரிவு' என்று செய்தி. கைப்பேசியில் பார்த்தால் டாலர்தான் 15 காசு இறங்கியிருக்கிறது. எது சரி?

எந்த நேரத்து முடிவிலிருந்து கழித்தார்கள் என்று பார்க்க வேண்டும். நம் நாட்டு வங்கிகளுக்கு இடையிலான சந்தை காலை 9 மணிக்குத் திறந்து பிற்பகல் 3.30-க்கு மூடுகிறது. செய்தித்தாளுக்கு 3.30 மணி விலைதான் முடிவு. ஆனால் ரூபாய் மேல் பந்தயம் 3.30-க்கு நின்றுவிடுவதில்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் பிறகு சிங்கப்பூரிலும், ரூபாயைக் கையில் வாங்காமலே வித்தியாசத்தை மட்டும் டாலரில் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் தொடர்ந்து நடக்கின்றன. உலக நாணயச் சந்தைக்கு நாள் முடியும் நேரமாக எல்லாரும் வைத்துக்கொண்டிருப்பது நியூயார்க் மாலை 5 மணி. நமக்கு அது கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. உலகத் தரவை எடுத்துத் தரும் பல செயலிகள் அந்த நேரத்து விலையைத்தான் முந்தைய முடிவாக எடுத்துக்கொள்கின்றன.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை மும்பையில் டாலர் 87.00-ல் முடிகிறது. இரவில் அமெரிக்காவிலிருந்து ஏதோ செய்தி வர, நியூயார்க் மாலை 5 மணிக்கு வெளிநாட்டுச் சந்தை காட்டும் விலை 87.30. புதன்கிழமை மும்பை 87.25-ல் திறந்து, 87.15-ல் முடிகிறது. செய்தித்தாள் 87.00-ஐ வைத்துக் கழிக்கிறது: டாலர் 15 காசு ஏற்றம், ரூபாய் சரிவு. செயலி 87.30-ஐ வைத்துக் கழிக்கிறது: டாலர் 15 காசு இறக்கம், ரூபாய் மீட்சி. முடிவு விலையில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு இடத்திலிருந்து அளக்கிறார்கள், அவ்வளவுதான். உச்சமும் தாழ்வும் அப்படியே மாறும். செய்தித்தாளின் உச்சம் ஆறரை மணி நேரத்துக்குள் அடங்கியது. செயலியின் உச்சம் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு உரியது.

இதிலிருந்து ஒரு சின்னச் சோதனை கிடைக்கிறது. முந்தைய முடிவோடு மாற்றத்தைக் கூட்டினால் இப்போதைய விலை வர வேண்டும். வராவிட்டால் அட்டவணையில் இரண்டு இடத்துத் தரவு கலந்திருக்கிறது, அல்லது ஒரு கட்டம் பழையதாகவே நிற்கிறது. இப்போதைய விலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம். முந்தைய முடிவுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மேற்சொன்ன உதாரணத்தில் மும்பை 87.25-ல் திறந்து அதன்பின் 87.10-க்குக் கீழே இறங்காமலே போயிருந்தால், 87.00 அன்றைய எல்லைக்கு வெளியேதான் கிடக்கும். இரவோடு இரவாக விலை தாவிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

வளைகுடாவில் உறவினர் இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு சோதனையும் கைகொடுக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது: ஒரு டாலர் 3.6725 திர்ஹாம். ஆகவே திர்ஹாமுக்கு ரூபாயில் தனியாக ஏற்ற இறக்கம் கிடையாது. டாலர் 87.45 என்றால் திர்ஹாம் சுமார் 23.81. பிப்ரவரி 11 அன்று டாலர் 66 காசு இறங்கியபோது திர்ஹாம் ஏறத்தாழ 18 காசு இறங்கியிருக்க வேண்டும். காசுக் கணக்கு வேறானாலும் சதவீதம் இரண்டுக்கும் முக்கால்தான். உங்கள் அட்டவணையில் டாலர் வரிசையும் திர்ஹாம் வரிசையும் வேறு வேறு சதவீதம் காட்டினால், ஏதோ ஒன்று புதுப்பிக்கப்படாமல் இருக்கிறது.

உச்சம், தாழ்வு கட்டங்களை ஒரேயடியாக நம்பிவிடவும் கூடாது. பங்குச் சந்தையில் ஒரு பங்கின் உச்ச விலை எது என்பதற்குப் பங்குச் சந்தையே சாட்சி. நாணயங்கள் பெரும்பாலும் வங்கிக்கும் வங்கிக்கும் நேரடியாகக் கைமாறுவதால், எந்த வங்கிகளின் விலையைத் தரவு நிறுவனம் எடுத்தது என்பதைப் பொறுத்து உச்சம் இரண்டொரு காசு மாறும். அது சகஜம். ஆபத்து வேறு வகையில் வரும். 2024 ஜனவரி 1 அன்று, உலகச் சந்தைகள் புத்தாண்டு விடுமுறையில் இருந்தபோது, போலந்தின் ஸ்லோட்டி இருபது சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்துவிட்டதாகக் கூகுள் காட்டியது. போலந்து மக்கள் பதறிப்போனார்கள்; அது தரவுப் பிழை என்று அந்நாட்டு நிதி அமைச்சர் விளக்க வேண்டியிருந்தது. விடுமுறையிலும் வார இறுதியிலும் வணிகம் மெலிந்திருக்கும். அப்போது ஒரு தவறான எண் உள்ளே வந்தால் அதை அமுக்க வேறு எண் இருக்காது. சனிக்கிழமை இரவில் பெரிய மாற்றம் தெரிந்தால் விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். வேறொரு தளத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில பட்டியல்களில் வருவது நாள் முடிவு விலையே அல்ல, குறிப்பு விலை. முன்பு ரிசர்வ் வங்கி வெளியிட்டதை 2018 ஜூலை முதல் ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா என்ற நிறுவனம் வெளியிடுகிறது. நண்பகல் வாக்கில் நடந்த வணிகத்தை வைத்துக் கணக்கிடுவது என்பதால் 3.30 மணி விலையோடு அது ஒத்துப்போகாது. தலைப்பில் குறிப்பு விலை என்று இருந்தால் அதை இன்னொரு பத்திரிகையின் முடிவு விலையோடு ஒப்பிட வேண்டாம்.

இத்தனையையும் படித்தபின் வங்கிக்குப் போனால், அட்டவணையில் இருந்த எந்த எண்ணும் கவுன்ட்டரில் கிடைக்காது. அட்டவணை காட்டுவது வங்கிகள் தமக்குள் கோடிக்கணக்கில் வாங்கி விற்கும் மொத்த விலை. நமக்கு வங்கி தருவது அதன் அன்றைய அட்டை விலை. அதில் கணக்குக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு விலை, நோட்டாக வாங்கினால் இன்னொன்று. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே வங்கியின் லாபம். நோட்டுக்கு அந்த இடைவெளி எப்போதும் அகலம். மகன் படிப்புக்குப் பணம் அனுப்பவோ வெளிநாட்டிலிருந்து வந்ததை மாற்றவோ போகிறவர்கள், டாலர் ஐந்து காசு ஏறியதா இறங்கியதா என்று காத்திருப்பதைவிட, இரண்டு வங்கிகளின் அன்றைய அட்டை விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஐந்து காசைவிடப் பெரிதாக இருக்கும்.