பம்ப் உறுமும்போது எதைப் பார்ப்பது?

கம்ப்யூட்டருக்குள் லிக்விட் கூலர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பயப்படுவது தண்ணீர்க் கசிவுக்குத்தான். ஆனால் அதைவிட அடிக்கடி தொல்லை தருவது அதிலுள்ள சின்ன பம்ப். பிராசஸரின் மேல் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிளாக்குக்குள், பெரும்பாலான மாடல்களில், அந்தப் பம்ப் இருக்கிறது. அடியிலுள்ள செம்புத் தகடு வாங்கும் சூட்டைத் திரவம் சுமந்துகொண்டு ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது, அங்கே ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. ஃபேன் நின்றால் கண்ணுக்குத் தெரியும், பம்ப் நின்றால் தெரியாது. ஃபேன்கள் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்க, பிராசஸர் வெந்துகொண்டிருக்கும்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. தூசு தட்டுவதற்காகக் கேபினெட்டைப் பிரித்து மறுபடி மாட்டியதிலிருந்து எக்ஸ்போர்ட் கொடுத்த சில நொடிகளிலேயே வெப்பம் 95 டிகிரியைத் தொட்டது. உடனே பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கூடவே மெல்லிய உறுமலும் கேட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை. திரவம் சரியாக ஓடினால் அது சூடேறவே சில நிமிடங்கள் பிடிக்கும். ரேடியேட்டரில் தூசு அடைத்திருந்தால் வெப்பம் பத்து இருபது நிமிடத்தில் மெதுவாக ஏறும். நொடிக்கணக்கில் எகிறினால், ஒன்று திரவம் ஓடவில்லை, அல்லது பிளாக் பிராசஸரோடு சரியாக ஒட்டவில்லை. எது என்று அறிய இரண்டு குழாய்களையும் ரேடியேட்டரையும் தொட்டுப் பார்த்தோம். பிளாக்கை ஒட்டிய இடத்தில் நல்ல சூடு, ரேடியேட்டரோ சில்லென்று இருந்தது. பிளாக்குக்கு வந்த சூடு அங்கிருந்து நகரவே இல்லை.

அடுத்து பம்ப் கேபிள். நண்பர் அதை மறுபடி மாட்டும்போது மதர்போர்டில் `CHA_FAN` என்று எழுதிய இடத்தில் செருகியிருந்தார். அது கேபினெட் ஃபேனுக்கான இடம். வெப்பம் குறைவாக இருக்கும்போது போர்டு அங்கே மின்னழுத்தத்தையும் குறைத்துவிடும். ஃபேனுக்கு அது நல்லது. பம்புக்கோ அரைப்பட்டினி. சுற்ற முடியாமல் திணறும் பம்ப்தான் அப்படி உறுமியது. கேபிளை `AIO_PUMP` என்ற இடத்துக்கு மாற்றி, பயாஸில் அதை முழு வேகத்தில் வைத்தோம். சில போர்டுகளில் இதே இடத்துக்கு `PUMP_FAN` அல்லது `W_PUMP` என்று பெயர் இருக்கும். பயாஸ் திரையில் பம்பின் சுற்று நிமிடத்துக்கு 2,700 என்று காட்டியது, வெப்பமும் இறங்கியது. சில கூலர்களில் பம்புக்கு மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சாட்டா கேபிளில் வருகிறது. போர்டுக்குப் போகும் மெல்லிய வயர் வேகத்தை மட்டும் சொல்லும். அந்த வகையில் சாட்டா கனெக்டர் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உறுமல் போனது. ஆனால் குடத்தில் தண்ணீர் சாய்வது போன்ற களகளப்பு மிச்சம் இருந்தது. அது உள்ளே சிக்கிய காற்று. ரப்பர் குழாயின் சுவர் வழியாக ஆண்டுக்கணக்கில் திரவம் இம்மி இம்மியாக ஆவியாகி வெளியேறும். அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். காற்று எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்துக்குத்தான் போகும். நண்பரின் ரேடியேட்டர் கேபினெட்டின் முன்பக்கம் தாழ்வாக மாட்டப்பட்டிருந்ததால், அதன் தலையைவிடப் பம்ப் உயரத்தில் இருந்தது. காற்று நேராகப் பம்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேற்கூரைக்கு மாற்றினோம். மெஷினை அணைத்து, பம்ப் தாழும்படி கேபினெட்டைச் சாய்த்துச் சில நிமிடம் பிடித்திருந்தோம். மறுபடி ஓடவிட்டதும் சிறிது நேரம் சலசலத்து அடங்கிவிட்டது. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ளவர்கள் மெஷின் ஓடும்போது சாய்க்கவே கூடாது.

கேபிள் சரி, காற்றும் இல்லை, பயாஸில் வேகமும் சரியாகக் காட்டுகிறது, தெர்மல் பேஸ்ட்டும் புதிதாகப் போட்டாகிவிட்டது. அப்படியும் ரேடியேட்டர் சில்லென்றே இருந்தால் செம்புத் தகட்டின் நுண்ணிய பள்ளங்களில் கசடு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பம்பின் சுற்று பூஜ்யம் என்று காட்டினால் பம்ப் போயிருக்கிறது. உலோகம் உரசுவது போன்ற கரகரப்பு விடாமல் கேட்டால் பம்ப் தேய்ந்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் கிடையாது, கூலரை மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலான கூலர்கள் சீல் செய்யப்பட்டவை. திறந்து தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்த்தால் வாரன்டியும் போகும், கசிவும் வரும்.

புதியதை மாட்டும்போது பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள். செம்புத் தகட்டில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் மறக்காமல் உரியுங்கள். திருகுகளை ஒரே பக்கமாக முடுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் பழைய பில்லைத் தேடி எடுங்கள். பல கூலர்களுக்கு 5 ஆண்டு வரை வாரன்டி உண்டு.