ரெடிமேட் சட்டை: தோளில் தொடங்கும் அளவு

ரெடிமேட் சட்டையின் காலருக்குள் தைத்திருக்கும் எண், சட்டை பொருந்துமா என்பதில் ஒரு பகுதியைத்தான் சொல்கிறது. இந்தியக் கடைகளில் அலுவலகச் சட்டைகளில் காணப்படும் 39, 40, 42 போன்ற எண்கள் பெரும்பாலும் கழுத்துச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறிப்பவை. சாதாரண உபயோகத்துக்கான சில சட்டைகளில் அதே 40 என்ற எண் மார்பளவை அங்குலத்தில் குறிக்கும். இரண்டு வகையிலும் அந்த எண் தோளின் அகலத்தையோ கையின் நீளத்தையோ சொல்வதில்லை. அவற்றைப் போட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

போட்டுப் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தோள், பிறகு கை, மார்பு, கடைசியில் உயரம். சட்டையின் எடை முழுவதும் தோளில் தொங்குவதால், தோள் தவறினால் மற்ற அளவுகளும் தவறாகத் தெரியும். திருத்துவதற்கு மிகக் கடினமான இடமும் அதுதான்.

தோள்

கையைத் தொங்கவிட்டு, கழுத்திலிருந்து தோளின் மேலாக விரலை வெளிப்பக்கம் நகர்த்திக்கொண்டு போனால், ஓரிடத்தில் எலும்பு முடிந்து விரல் கீழே சரியும். சட்டையின் உடல் பகுதியும் கையும் சேரும் தையல் அந்த இடத்தில் நிற்க வேண்டும். பார்ப்பதற்கு முன் மேல் பட்டன்களைப் போட்டு, காலரைக் கழுத்தில் சரியாக அமர்த்திக்கொள்வது அவசியம். சட்டை முதுகுப் பக்கம் வழுகியிருந்தால் தையலும் இடம் மாறிக் காட்டும்.

தையல் எலும்பைத் தாண்டிப் புஜத்தில் இறங்கினால் தோள் அகலம் அதிகம். அப்போது கையின் மேற்பகுதியில் துணி தளர்ந்து மடியும். கையும் நீளமாகிவிட்டதுபோல் தெரியும். தையல் கழுத்தை நோக்கி ஏறி நின்றால் தோள் குறுகல். கைகளை முன்னால் நீட்டும்போது முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கு இடையே துணி குறுக்காக இழுத்துப் பிடிப்பது இதன் அடையாளம். தையலை வேண்டுமென்றே புஜத்தில் இறக்கி வைக்கும் ‘ஓவர்சைஸ்’ சட்டைகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

அகலமான தோளைக் குறைக்க, டெய்லர் இரண்டு கைகளையும் பிரித்து, தோளை வெட்டி, வளைவைத் திருத்தி, மறுபடி கையை ஏற்ற வேண்டும். குறுகிய தோளை அகலமாக்கத் தையலுக்குள் போதிய துணி இருப்பதில்லை. அதனால் தோள் பொருந்தாத சட்டையைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது.

கை

முழுக்கைச் சட்டையில், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கஃபின் ஓரம் மணிக்கட்டு முடிந்து உள்ளங்கை தொடங்கும் இடத்தில் இருக்க வேண்டும். முழங்கையை மடக்கினால் கை சற்று மேலே ஏறுவது இயல்பு. மணிக்கட்டு எலும்பு முழுக்க வெளியே தெரியும் அளவுக்கு ஏறினால் நீளம் போதவில்லை.

கை நீளமாகத் தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது கஃபின் சுற்றளவு. மணிக்கட்டில் கஃப் பிடித்து நின்றால், கையில் கொஞ்சம் துணி கூடுதலாக இருந்தாலும் அது மேலேயே தங்கும். கஃப் லூஸாக இருந்தால், சரியான நீளமுள்ள கைகூட உள்ளங்கையில் வந்து விழும். பட்டன் போட்ட நிலையில் கஃப் உள்ளங்கையைத் தாண்டிக் கழன்று வந்தால் அது லூஸ். பட்டனைச் சற்று உள்ளே தள்ளித் தைத்தால் போதும்.

இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பார்ப்பது அடுத்த சோதனை. சட்டை முழுவதும் இடுப்புக்கு மேல் கிளம்பி வந்தால், கை சேரும் வளைவு அக்குளுக்குக் கீழே வெகுவாக இறங்கியிருக்கிறது என்று பொருள். கை அசைய இடமில்லை என்று நினைத்துப் பெரிய சைஸை எடுப்பவர்கள் பலர். பெரிய சைஸில் அந்த வளைவு இன்னும் கீழே இறங்குவதால், தொல்லை பெரும்பாலும் கூடவே செய்யும்.

மார்பு

எல்லாப் பட்டன்களையும் போட்டு நின்றும் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். பட்டனிலிருந்து இருபுறமும் மடிப்புக் கோடுகள் விரிந்து பெருக்கல் குறிபோல் தெரிந்தாலோ, இரண்டு பட்டன்களுக்கு நடுவே பட்டி வாய் திறந்தாலோ மார்பு அல்லது வயிற்றுப் பகுதி டைட். நிற்கும்போது மறைந்திருக்கும் இந்தக் குறை, வயிறு முன்தள்ளும் உட்காரும் நிலையில்தான் அதிகம் வெளிப்படும். அக்குளுக்குக் கீழே துணி செங்குத்தாகச் சுருண்டு தொங்கினால் லூஸ்.

இதை இஞ்ச் டேப்பாலும் அளக்கலாம். பட்டன் போட்ட சட்டையைச் சமதளத்தில் விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து இரட்டித்தால் சட்டையின் மார்புச் சுற்றளவு கிடைக்கும். அதில் உடம்பின் மார்பளவைக் கழித்தால் வருவது தளர்வு. ஸ்லிம் ஃபிட் சட்டையில் சுமார் 3 முதல் 4 அங்குலமும், ரெகுலர் ஃபிட்டில் 5 முதல் 6 அங்குலமும் தளர்வு இருப்பது வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது சற்று மாறும்.

மார்பளவு 39 அங்குலமும் தோள் அகலம் 17½ அங்குலமும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவர் போட்டுப் பார்க்கும் 40 சைஸ் ஸ்லிம் ஃபிட் சட்டையில் தோள் 17½ அங்குலம். அக்குளுக்கு அக்குள் 20½, அதாவது சுற்றளவு 41. தளர்வு 2 அங்குலம்தான் என்பதால் உட்கார்ந்ததும் பட்டி திறக்கிறது. அதே ஸ்லிம் ஃபிட்டில் 42 சைஸை எடுத்தால் சுற்றளவு 43 ஆகி மார்பு சரியாகிறது. ஆனால் தோள் 18½ ஆவதால் தையல் பக்கத்துக்கு அரை அங்குலம் புஜத்தில் இறங்கி, கையும் அந்த அளவுக்குக் கீழே வருகிறது. மூன்றாவதாக எடுத்த 40 சைஸ் ரெகுலர் ஃபிட்டில் தோள் அதே 17½. சுற்றளவு 44, தளர்வு 5. அவர் மாற்ற வேண்டியிருந்தது சைஸை அல்ல, ஃபிட்டை. இடுப்புப் பக்கம் இன்னும் துணி மிஞ்சினால், பக்கத் தையலைப் பிடித்துக் குறைப்பது டெய்லருக்கு எளிய வேலை.

உயரம்

உயரம் சட்டையை அணியும் விதத்தைப் பொறுத்தது. ‘இன்’ செய்யும் சட்டையின் கீழ் ஓரம் முன்னும் பின்னும் இறங்கி, பக்கங்களில் வளைந்து ஏறியிருக்கும். இரண்டு கைகளையும் தூக்கினாலும் அது பேன்ட்டிலிருந்து வெளியே வரக்கூடாது. வெளியே விட்டு அணியும் சட்டையின் ஓரம் பெரும்பாலும் நேராகவோ லேசான வளைவாகவோ இருக்கும். அது முன்னால் பேன்ட் ஜிப்பின் நடுப்பகுதி வரையும், பின்னால் பாக்கெட்டின் பாதி வரையும் வந்தால் போதும்.

பருத்திச் சட்டை துவைத்தபின் 1 முதல் 3 சதவீதம் வரை சுருங்கக்கூடும். நெய்யும்போது நீளவாட்டு இழைகள் இழுத்துக் கட்டப்படுவதால், சுருக்கம் அகலத்தைவிட நீளத்தில் அதிகம். 30 அங்குல உயரத்தில் 3 சதவீதம் என்பது ஏறக்குறைய ஒரு அங்குலம். கையிலும் அரை அங்குலத்துக்கு மேல் குறையலாம். முன்னரே சுருக்கிய துணி என்று லேபிளில் இல்லாத பருத்திச் சட்டையில், உயரமும் கையும் கடையில் துல்லியமாக இருப்பதைவிட அந்த அளவு கூடுதலாக இருப்பதே சரி. துவைத்த பிறகும் நீளமாக இருந்தால் கீழ் ஓரத்தை மடித்துத் தைத்துவிடலாம்; குட்டையான சட்டையை நீளமாக்க வழியில்லை.