உங்களுக்குத் தெரியுமா? செருப்பு தைப்பவர் வைத்த விருந்து

மதுரைச் சுல்தான்களின் நாட்டுக்கும் வந்துபோன பயணி இப்னு பதூதா, அதற்குப் பல ஆண்டுகள் முன், 1330களின் தொடக்கத்தில், துருக்கியின் அந்தாலியாவில் இருந்தார். பழந்துணியும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் வந்து, கூட்டத்தோடு சாப்பிட வரும்படி அழைத்தார். ‘ஏழை மனிதர், அவருக்கு எதற்குச் சிரமம்?’ என்று பதூதா தயங்க, உடனிருந்த ஷெய்கு சிரித்துவிட்டார். வந்தவர் தோல் தைக்கும் தொழிலாளி. சுமார் 200 கைவினைஞர்கள் தலைவராக ஏற்ற ‘அகீ’!

அரபியில் ‘அகீ’ என்றால் ‘என் சகோதரன்’. ஒரே தொழில் செய்வோரும் மணமாகாத இளைஞர்களும் கூடி அகீயைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் ஒரு மடம் கட்டுவார். காயல்பட்டினத்தில் தைக்கா என்கிறோமே, கிட்டத்தட்ட அது. பகலெல்லாம் உழைத்தவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் அன்றைய கூலியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுப்பார்கள். அதில் பழமும் சாப்பாடும் வாங்குவார்கள். ஊருக்குப் புதியவர் வந்திருந்தால் விருந்து அவருக்கு. யாரும் வராவிட்டால் தாங்களே கூடிச் சாப்பிட்டு, பாடி ஆடி, காலையில் பட்டறைக்குத் திரும்புவார்கள்.

பிறர் பசியைத் தன் பசிக்கு முன் வைக்கும் இந்த ஒழுக்கத்துக்கு ‘ஃபுதுவ்வத்’ என்று பெயர். பக்தாதின் சூஃபி ஞானி உமர் சுஹ்ரவர்தீ அதற்கு நெறிநூலே எழுதினார். புதிதாகச் சேர்பவருக்கு இடுப்புக் கச்சை கட்டி, உப்புநீர் பருகக் கொடுப்பார்கள்.

இன்னோர் ஊரில் இரண்டு அகீக்களின் குழுக்கள் பதூதாவின் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியை உருவின. கொள்ளைக்காரர்கள் என்றே அவர் நடுங்கினார். விசாரித்தால், யார் மடத்தில் அவர் முதலில் தங்குவது என்பதுதான் சண்டை! கடைசியில் சீட்டுக் குலுக்கித் தீர்த்தார்கள்.